கிண்டல் என்று காட்ட `/s` போடுவதா, 🙃 போடுவதா?

மாடித்தோட்டம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் டிஸ்கார்ட் குழுவில் போன வாரம் நடந்ததை வைத்து இதைக் கேட்கிறேன். இலவச மென்பொருள்களைத் தமிழாக்கம் செய்கிற சின்னக் குழு. கல்லூரிப் பிள்ளைகள் முதல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வரை இருக்கிறார்கள். நான் நிர்வாகி.

சானல்கள் பெருகிவிட்டன, எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் கேட்டிருந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் இப்படி எழுதினார்: "ஆமாம், பழைய சொல்விவாத சானல்களை அழித்துவிடுங்கள், அதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் 🙂". அந்தச் சானல்களில் பாதிக்கு மேல் எழுதியதே அவர்தான். பழைய ஆட்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். புதிதாக மாடரேட்டர் ஆன தம்பி, பெரியவரே சொல்லிவிட்டார் என்று இரண்டு சானலை அழித்துவிட்டார். டிஸ்கார்டில் சானலை அழித்தால் உள்ளே இருக்கிற செய்திகளும் சேர்ந்து போய்விடும், மீட்க வழி கிடையாது.

இப்போது இளையவர்கள் எல்லாரும் வாக்கியத்தின் கடைசியில் டோன் டேக் போட வேண்டும் என்று விதி கேட்கிறார்கள். கிண்டல் என்றால் `/s`, சும்மா ஜோக் என்றால் `/j`, நிஜமாகவே சொல்கிறேன் என்றால் `/srs`. பெரியவர்களோ, இமோஜி போதாதா, ஜோக் சொல்லிவிட்டு அடியில் "இது ஜோக்" என்று எழுதுவது கேவலம் என்கிறார்கள். இரண்டையும் நாளெல்லாம் பார்க்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

கொங்குநாட்டான்

விதியெல்லாம் வேண்டாம் நண்பரே. இந்த டேக் சமாச்சாரமே 2020 லாக்டவுனில் வீட்டில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் கிளப்பிவிட்டது. ஸ்மைலிதான் ஒரிஜினல், நாற்பது வருடமாக இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். `/hj`, `/lh`, `/nbh` என்று பட்டியலை மனப்பாடம் பண்ண நம்மால் ஆகாது. உங்கள் மூத்த உறுப்பினர் 🙂க்குப் பதில் 😂 போட்டிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

---

பழையதாள்

கொங்குநாட்டான் சொன்னதில் பாதி சரி. அந்த நீண்ட பட்டியல் பரவியது 2020 வாக்கில்தான். ஆனால் `/s` அதைவிட ரொம்பப் பழசு. எச்டிஎம்எல் எழுதுகிறவர்கள் விளையாட்டாக, கிண்டலை முடித்தாயிற்று என்று காட்ட `</sarcasm>` என்று போடுவார்கள். அது தேய்ந்து `/sarcasm` ஆகி, `/s` ஆனது. ரெடிட்டில் இன்றும் அதுதான் ஓடுகிறது.

ஸ்மைலி பிறந்த கதையைப் பார்த்தால், நீங்கள் இங்கே போடுகிற சண்டை அன்றைக்கே நடந்திருக்கிறது. 1982 செப்டம்பர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகை. நீல் ஸ்வார்ட்ஸ் என்பவர் ஒரு இயற்பியல் புதிர் போடுகிறார்: லிஃப்டுக்குள் எரிகிற மெழுகுவர்த்தியும் தரையில் ஒரு துளி பாதரசமும் இருக்கின்றன, கேபிள் அறுந்து லிஃப்ட் விழுந்தால் இரண்டும் என்ன ஆகும்? ஆளாளுக்குப் பதில் எழுதுகிறார்கள். நடுவில் ஹோவர்டு கெய்ல் ஒரு அறிவிப்பு போடுகிறார்: இயற்பியல் சோதனை ஒன்றால் இடது ஓர லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது, லேசாகத் தீயும் பிடித்தது, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் சுத்தம் செய்துவிடுவார்கள்.

புதிரைப் படித்தவர்களுக்கு அது ஜோக். படிக்காமல் நேரே இந்த அறிவிப்புக்கு வந்தவர்களுக்கு அது நிஜமான எச்சரிக்கை. உங்கள் மாடரேட்டர் தம்பி மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான். பெரியவர்தான் அந்தச் சானல்களை எழுதினார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்கு அப்புறம், ஜோக்குக்கு அடையாளம் வைக்கலாம் என்று பேச்சு ஆரம்பிக்கிறது. ஸ்வார்ட்ஸ், தலைப்பில் `*` போடலாம் என்கிறார். ஒருவர் `%` என்கிறார். நல்ல ஜோக்குக்கு `*`, மட்டமானதுக்கு `%` என்று ஒருவர் சமரசம் பேசுகிறார். இன்னொருவர் `&` போடுங்கள், குண்டு மனிதர் குலுங்கிச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். `*`, `%` இரண்டும் டோன் டேக் வகை, முன்பே பேசி வைத்துக்கொண்டால்தான் பொருள் உண்டு. `&` முக வகை. 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் வந்து, ஜோக்குக்கு `:-)` போடுங்கள், பக்கவாட்டில் திருப்பிப் படியுங்கள் என்கிறார். முகம் ஜெயித்தது. கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதற்குப் பெரிய பலம்.

அதே செய்தியில் இன்னொன்றும் சொன்னார். இங்கே போகிற போக்கைப் பார்த்தால் ஜோக் அல்லாதவற்றுக்கு அடையாளம் வைப்பதுதான் சிக்கனம், அதற்கு `:-(` போடுங்கள் என்றார். அதாவது இன்றைய `/srs`. ஆனால் அந்த அர்த்தத்தில் அது நிற்கவில்லை. வாய் கீழே வளைந்த முகத்தைப் பார்த்தவர்கள் வருத்தம், அதிருப்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். முகம் என்றால் பார்ப்பவர் தனக்குத் தோன்றியதைப் படிப்பார். அதுதான் இமோஜியின் வசதி, அதேதான் கோளாறும்.

---

சிவகாமி_மதுரை

அலுவலகக் கடிதத்தில் இமோஜி போடலாமா என்பதுதானே கேள்வி? எங்கள் அலுவலகத்தில் போட்டால் மேலதிகாரி ஒரு மாதிரி பார்ப்பார். நான் போடுவதில்லை.

ஆனால் வீட்டில் வேறு கதை. மகள் சென்னையில் விடுதியில் இருக்கிறாள். "இந்த வாரம் வரவில்லை" என்பாள். நான் "சரிம்மா 🙂" என்று அனுப்புவேன். உடனே போன் வரும், "என்னம்மா கோபமா?" என்று. எனக்கு அது சிரிப்பு. அவளுக்கு அது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற முகமாம். அவள் அனுப்புகிற மண்டையோடு 💀 எனக்குக் கெட்ட சகுனமாக இருந்தது. விழுந்து விழுந்து சிரித்ததற்கு அப்படிப் போடுவார்களாம். போகட்டும், நல்ல வார்த்தையா கிடைக்கவில்லை இதுகளுக்கு?

---

மாடித்தோட்டம்

அக்கா, கேள்வி அலுவலகக் கடிதத்தைப் பற்றியது இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன 🙂 சங்கதி எங்கள் குழுவுக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த 🙂 இளையவர்களுக்குக் கிண்டலாகப் பட்டது. தம்பிக்கு மட்டும் அது மரியாதைச் சிரிப்பு. அவர் வீட்டில் அப்பா எல்லாச் செய்தியிலும் அதைத்தான் போடுவாராம்.

---

எள்ளுருண்டை

நான் டேக்குக்கு எதிர்க்கட்சி. அதியமானுக்காகத் தூது போன ஔவை தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று காவலில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையதோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. புகழ்வது மாதிரி இழித்தது. கடைசி அடியில் `/s` போட்டிருந்தால் எப்படி இருக்கும்? வஞ்சப்புகழ்ச்சியின் சுகமே, கேட்பவன் ஒரு நொடி ஏமாந்து பிறகு விழித்துக்கொள்வதில் இருக்கிறது. அந்த நொடியை டேக் தின்றுவிடும். இமோஜியாவது கண்ணடிக்கிறது, முழுசாகச் சொல்லிவிடுவதில்லை.

புரியாதவனுக்கு ஜோக் புரியாமலே போகட்டுமே. எல்லாருக்கும் எல்லாம் புரிய வேண்டும் என்று யார் சொன்னது?

---

ஒருவழிப்பாதை

எள்ளுருண்டை, "புரியாதவன்" என்று நீங்கள் சொல்கிற ஆள் நான். எனக்கு ஆட்டிசம், வளர்ந்த பிறகுதான் தெரியவந்தது. டோன் டேக் பட்டியல் இவ்வளவு பரவியதற்கு எங்களைப் போன்றவர்கள் முக்கியக் காரணம்.

இமோஜி எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "அருமையான மொழிபெயர்ப்பு 🙃" என்று ஒருவர் எழுதுகிறார். ஏற்கெனவே "அருமை" என்பதை எப்படி எடுப்பது என்று ஒரு சந்தேகம். இப்போது தலைகீழ் முகத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். விளையாட்டா, சலிப்பா, என் வேலை மட்டம் என்கிறாரா? புதிர் இரண்டாகிவிட்டது. `/s` என்று இருந்தால் ஒன்றும் யோசிக்க வேண்டாம், பொருளைத் திருப்பிப் போட்டால் போதும். நானும் சிரிப்பேன், இரண்டு நொடி தாமதமாக.

ஆனால் எனக்கு `/s`-ஐவிட உதவியானது `/gen`. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று பொருள். "இந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள்?" என்று யாராவது கேட்டால் குற்றம் சாட்டுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். நான் அப்படிக் கேட்டாலும் மற்றவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைசியில் `/gen` இருந்தால் பதில் மட்டும் வரும். இதற்குச் சமமான இமோஜி எதுவும் எனக்குத் தெரியவில்லை. 🤔 போட்டால் இன்னும் நக்கலாகப் படிக்கிறார்கள்.

முப்பது டேக்கும் யாருக்கும் வேண்டாம். நாங்களே நாலைந்துதான் போடுகிறோம். `/hj`, பாதி ஜோக் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்கே தலைவலி. எந்தப் பாதி?

---

பழைய_பதிவர்

கொஞ்சம் திசை மாறுகிறேன், மன்னிக்கவும். 2005, 2006 வாக்கில் தமிழ்ப் பதிவுலகில் இருந்தவர்களுக்கு இது எதுவும் புதிதில்லை. பின்னூட்டத்தில் யாரையாவது பாராட்டினால், "இதில் உள்குத்து எதுவும் இல்லை" என்று ஒரு வரி சேர்ப்போம். இப்போது நீங்கள் சொல்கிற `/gen` அதுதானே? பதிவின் அடியில் "டிஸ்கி" என்று போட்டு, மேலே சொன்னது நகைச்சுவைக்காக, யாரும் சண்டைக்கு வர வேண்டாம் என்போம். கிண்டலுக்கு `:-)))`. ஸ்மைலி போட மறந்தால் மூன்று நாள் சண்டை ஓடும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் "உள்குத்து இல்லை" என்று எழுதினாலே உள்குத்து இருக்கிறது என்று ஆகிவிட்டது. அடையாளம் என்று எதை வைத்தாலும் நம் ஆட்கள் அதையும் கிண்டலுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

---

கேட்டெழுதி

பார்வையற்றவன், ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கிறேன். இந்தக் கோணத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இமோஜி எனக்கு முகமாக வருவதில்லை, பெயராக வருகிறது. 🙃 வந்தால் "அப்சைட் டவுன் ஃபேஸ்" என்று வாசிக்கும். அதில் கிண்டல் எங்கே இருக்கிறது? தலைகீழ் முகம் என்றால் கிண்டல் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆக, கொங்குநாட்டான் சார், "முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும்" என்பது எனக்குச் சரிவராது. எனக்கு இமோஜியும் மனப்பாடம் பண்ண வேண்டிய பட்டியல்தான், டேக்கைவிடப் பல மடங்கு நீளமான பட்டியல். 😂 வரிசையாக எட்டு போட்டால் "ஃபேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்" என்பதை எட்டு முறை வாசித்த கதையும் உண்டு.

`/s` எனக்கு "ஸ்லாஷ் எஸ்" என்று வரும், சுருக்கம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். நிறுத்தக்குறிகளை வாசிக்காதே என்று அமைத்திருந்தால் வெறும் "எஸ்" மட்டும் கேட்கும். தமிழ் வாக்கியத்தின் கடைசியில் திடீரென்று "எஸ்" என்றால் ஆமாம் என்கிறாரா என்று தோன்றும்! முழுசாக `/sarcasm` என்றோ, தமிழில் "(கிண்டல்)" என்றோ எழுதினால் எந்த அமைப்பிலும் தப்பாது.

இன்னொன்று, நீளமான பத்தி எழுதி அதன் கடைசியில் ஒரே ஒரு `/s` வைக்காதீர்கள். பார்த்துப் படிப்பவர்களுக்குக் கடைசி வரியும் கண்ணில் முன்பே பட்டுவிடும். நான் முழுப் பத்தியையும் நிஜம் என்று கேட்டுக் கொதித்துப்போன பிறகுதான் "ஸ்லாஷ் எஸ்" வரும். கிண்டல் வாக்கியம் எதுவோ அதன் ஒட்டிலேயே போடுங்கள்.

---

கொங்குநாட்டான்

கேட்டெழுதி, அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. ஆனால் கண் தெரிகிறவர்களுக்கு இமோஜி எல்லா போனிலும் ஒன்றுதானே? அது யூனிகோட் தரம்.

---

பழையதாள்

யூனிகோட் தருவது எண்ணும் பெயரும்தான். படத்தை ஆப்பிள், கூகுள், சாம்சங் அவரவர் வரைகிறார்கள். 😁 இதற்கு நல்ல உதாரணம். 2016இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். அப்போதைய ஆப்பிள் படத்தில் அது பல்லை இறுக்கிக்கொண்டு சங்கடப்படுகிற முகம் மாதிரி இருந்தது. மற்ற போன்களில் மலர்ந்த சிரிப்பு. ஒருவர் சந்தோஷமாக அனுப்பியது இன்னொருவருக்குச் சண்டைக்கு வருவதாகத் தெரியும். ஆப்பிள் அதே ஆண்டு படத்தை மாற்றியது. துப்பாக்கியும் அப்படித்தான்: 2016இல் ஆப்பிள் அதைப் பச்சை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது, மற்றவர்கள் 2018 வாக்கில்தான் மாற்றினார்கள். நடுவில், "மாலை வருகிறேன், தயாராக இரு 🔫" என்று ஒருவர் விளையாட்டாக அனுப்பினால் எதிரில் நிஜத் துப்பாக்கி போய் நிற்கும்.

இனி எள்ளுருண்டைக்கு. ஔவை நேரில் நின்று பேசியவர். குரல் இருந்தது, முகம் இருந்தது, யாருடைய தூது என்பது தொண்டைமானுக்குத் தெரிந்திருந்தது. எழுத்தில் அதெல்லாம் போய்விடுகிறது, போனது எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலானவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நிஜமும் கிண்டலுமாக வாக்கியங்கள் அனுப்பச் சொன்னார்கள். மின்னஞ்சலில் அனுப்பியவர்கள் நூற்றுக்கு 78 சரியாகப் புரியும் என்று நினைத்தார்கள். புரிந்தது 56. காசைச் சுண்டினாலே 50 வரும். குரலில் சொன்னபோது 73 வந்தது. எழுதும்போது நம் மண்டைக்குள் நம் குரல் ஓடுகிறது, அது பக்கத்தில் இல்லாதவருக்கும் கேட்கும் என்று நம்பிவிடுகிறோம். உங்கள் பெரியவரும் அதைத்தான் செய்தார்.

எல்லாக் கிண்டலுக்கும் அடையாளம் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. "கிழிச்ச", "பெரிய இவரு", "வந்துட்டாரு சொல்றதுக்கு" மாதிரிப் பேச்சு வழக்கில் கிண்டல் உள்ளேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களும் கேட்டுப் பழகியதால் பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். சிக்கல் வருவது "அருமை", "சரி", "நல்ல யோசனை" மாதிரி நிஜமாகவும் சொல்லக்கூடியவற்றில். அதைவிட ஆபத்து ஏவல் வாக்கியம். "அழித்துவிடுங்கள்" என்றால் ஒருவர் அழிக்கலாம்.

---

ஒருவழிப்பாதை

பெரும்பாலும் சரி, பழையதாள். ஆனால் "பெரிய இவரு" எனக்குப் பள்ளியில் பட்டுத்தான் தெரிந்தது. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குழுவில் இரண்டு கனடாத் தமிழர்கள் "கிழிச்ச" என்பதற்கு எதைக் கிழித்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள், `/gen` போட்டு.

---

மாடித்தோட்டம்

நிறையக் கிடைத்தது. குழுவில் இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். அறிவிப்பு, பணி ஒதுக்கீடு நடக்கிற சானல்களில், யாராவது செயலில் இறங்கக்கூடிய எதையும் கிண்டலாகச் சொன்னால் "(கிண்டல்)" அல்லது `/s` கட்டாயம். அரட்டை சானலில் அவரவர் இஷ்டம், ஆனால் "நிஜமா?" என்று யாராவது கேட்டால் நக்கல் பண்ணாமல் பதில் சொல்ல வேண்டும். பின்குத்திய செய்தியில் ஐந்தே ஐந்து டேக்கும் அவற்றின் தமிழ்ப் பொருளும்.

ஒரு சந்தேகம்: டிஸ்கார்டில் `/` போட்டால் கட்டளைப் பெட்டி திறக்கிறதே, அது தொல்லை பண்ணாதா?

---

பழையதாள்

செய்தியின் தொடக்கத்தில் `/` வந்தால்தான் திறக்கும். வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது.

---

எள்ளுருண்டை

பணிச் சானலுக்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஒருவர், "நீயெல்லாம் எதுக்கு எழுதுற `/j`" என்று ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் போட்டார். கேட்டால், ஜோக் என்று டேக் போட்டேனே என்பார். இமோஜி என்றால் "எனக்கு அப்படிப் படவில்லை" என்று வாதாட இடம் இருக்கிறது. டேக்கோ எழுதியவர் வாக்குமூலம் கொடுத்த மாதிரி. அதை வைத்துத் தப்பிக்கிறவரை என்ன செய்வீர்கள்?

---

ஒருவழிப்பாதை

டேக் அவர் என்ன நினைத்தார் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது வலித்ததா என்பது வேறு கணக்கு. ஜோக் என்பது புரிந்தது, இனி சொல்லாதீர்கள் என்று நான் சொல்ல முடியும். உண்மையில் டேக் இல்லாதபோதுதான் எனக்குக் கஷ்டம். ஜோக்கா என்று முதலில் நான் விசாரிக்க வேண்டும், அதற்கே "இதுகூடப் புரியவில்லையா" என்று இன்னொரு குத்து விழும்.

---

சிவகாமி_மதுரை

அந்தப் பெண் நிறுத்தச் சொன்ன பிறகும் அவர் போட்டாரா? அப்படி என்றால் அதில் டேக் என்ன, இமோஜி என்ன. வெளியே அனுப்ப வேண்டியதுதானே.

---

எள்ளுருண்டை

சொன்ன பிறகும் போட்டார் அக்கா. மாடரேட்டர்கள் இரண்டு பட்டார்கள், டேக் இருக்கிறதே என்று பாதிப் பேர் அவர் பக்கம். கடைசியில் அந்தப் பெண்தான் குழுவை விட்டுப் போனார். மாடித்தோட்டம், உங்கள் பின்குத்திய செய்தியில் இதற்கும் ஒரு வரி எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

---

மாடித்தோட்டம்

"நிறுத்தச் சொன்ன பிறகு `/j` செல்லாது" என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். நிறுத்தச் சொல்லவே தயங்குகிறவர்களுக்கு அது போதாது என்று எங்கள் மாடரேட்டர் தம்பி இப்போதே சொல்கிறார். வேறு வாசகம் இருந்தால் இங்கேயே போடுங்கள்.